நாட்குறிப்பா, நிறம் தீட்டும் புத்தகமா, சொல் தேடலா? யாழ்ப்பாணத்திலிருந்து முதல் புத்தகம் போடுகிறவருக்கு

கோண்டாவிலில் இருக்கும் என் பெறாமகள் போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எழுத்துக் குறைவான புத்தகம் ஒன்று போட வேண்டும், கொஞ்சம் வருமானம் வர வேண்டும், கையில் பெரிய முதல் இல்லை. மூன்று மாதிரி செய்து வைத்திருந்தாள். ஒன்று கோடு போட்ட நாட்குறிப்பு, ஒன்று பிள்ளைகள் நிறம் தீட்டும் புத்தகம், மற்றது தமிழ்ச் சொல் தேடல். "சித்தப்பா, எதை முதல் விடலாம்? அமேசனில விடுறதோ, இங்க அடிக்கிறதோ?" என்று கேட்டாள்.

நான் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவன். இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னேன். எந்தப் புத்தகம் என்று தீர்மானித்தாலே எங்கே அச்சடிப்பது என்பதும் பாதி தீர்ந்துவிடும். அன்று இருவரும் உட்கார்ந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

நாட்குறிப்பு: செய்ய லேசு, கண்டுபிடிக்கப்படுவது கஷ்டம்

மூன்றிலும் சீக்கிரம் முடிவது நாட்குறிப்புத்தான். ஒரு பக்கம் வரைந்தால் போதும், மீதி நூறு பக்கமும் அதன் பிரதி. நாம் ஏற்றிய புத்தகத்தை யாராவது வாங்கும்போது மட்டும் அச்சிட்டு அனுப்புகிற அமேசனின் கேடிபி தளத்தில் புத்தகம் ஏற்றும்போது, உள்ளடக்கம் குறைந்த புத்தகம் என்று குறிக்க ஒரு பெட்டி இருக்கும். கொப்பி, திட்டக் கொப்பி, நாட்குறிப்பு எல்லாம் அதற்குள் வரும். அதைக் குறித்தால் அவர்கள் இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக இலக்கம் கிடைக்காது, ஐஎஸ்பிஎன் இல்லாமலே விற்கலாம். ஆனால் அப்படி விற்கும் புத்தகத்தில் வாங்குகிறவர் உள்ளே புரட்டிப் பார்க்கும் வசதி இராது. உள்ளே பார்க்க முடியாத கொப்பியை விற்பது அட்டை மட்டும்தான்.

தேடுகிறவர் என்ன தட்டுவார் என்று யோசித்தால் சிக்கல் தெரியும். `lined journal` என்று தட்டினால் முடிவில்லாமல் வரும். நம்முடையதும் அவையும் உள்ளே ஒன்றேதான், கோடு. அட்டையில் ஒரு வாசகத்தை மாற்றி மாற்றிப் போடுவதைத் தவிர வேறு போட்டி இல்லை. தேடல் சொல்லை எவ்வளவு நுணுக்கமாகத் தெரிவு செய்தாலும், அந்தச் சொல்லுக்கு ஏற்ற எதுவும் உள்ளே இல்லாவிட்டால் பயன் இல்லை.

வருமானமும் மெல்லியது. 6 அங்குலத்துக்கு 9 அங்குலம், 108 பக்கம், கறுப்பு மை என்று வைத்தால் அமெரிக்கச் சந்தையில் அச்சுச் செலவு 2.30 டொலர். விலை 6.99 டொலர் என்று போட்டால், 9.99-க்குக் கீழான விலைக்கு நமக்கு வரும் ரோயல்ட்டி விலையில் பாதிதான், அச்சுச் செலவும் அதிலிருந்தே கழியும். 3.49-இல் 2.30 போக மிஞ்சுவது 1.19 டொலர். அதில் வரியும் போகும்.

இருந்தாலும் ஓர் இடத்தில் நாட்குறிப்பு நன்றாக நிற்கும். நிரப்புகிறவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கட்டம் போட்ட பதிவுக் கொப்பி அது. நீரிழிவுக்காரர் காலையும் மாலையும் சீனியின் அளவைக் குறிக்கிற கொப்பி, சீட்டுப் பிடிக்கிறவர் மாதக் காசைக் குறிக்கிற கொப்பி, இப்படி. இதைத் தமிழில், ஊரில், முன்பதிவு வாங்கிக்கொண்டு அடிக்கலாம். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினித் திரையில் அழகாகத் தெரிகிற 5 மில்லிமீற்றர் உயரக் கட்டத்துக்குள் வயதானவர் ஒருவர் பேனையால் எண் எழுத முடியாது. 9 மில்லிமீற்றராவது வேண்டும். ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, கொப்பியைப் பாவிக்கப்போகிறவர் கையில் கொடுத்து ஒரு கிழமை நிரப்பச் சொன்னால் எந்தக் கட்டம் போதவில்லை என்று அவரே காட்டிவிடுவார்.

நிறம் தீட்டும் புத்தகம்: எல்லாம் கோட்டிலும் தாளிலும்

பெறாமகளுக்கு இதில்தான் ஆசை. நல்லூர்க் கோபுரம், பனங்கூடல், வள்ளம், மாட்டுவண்டி என்று இருபது படம் வரைந்திருந்தாள். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் கைபேசியால் படம் பிடித்து, அதை இழுத்துப் பெருப்பித்திருந்தாள். திரையில் கறுப்பாகத் தெரிந்த கோட்டை நானூறு வீதம் பெரிதாக்கிப் பார்த்தபோது அது கறுப்பும் இல்லை, கோடும் இல்லை. ஓரமெல்லாம் சாம்பல் துகள். அச்சில் அந்தச் சாம்பல் சிறு சிறு புள்ளியாக விழும், கோடு உரோமம் முளைத்த மாதிரி இருக்கும். கேடிபி படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்கும். கோட்டுப் படத்துக்கு நான் 600 வைப்பேன், அதுவும் சாம்பல் இல்லாத தனிக் கறுப்பாக. ஸ்கானர் உள்ள கடையில் கொடுத்து எடுத்தால் இந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி தீரும்.

அடுத்தது தாள். பிள்ளை மெழுகுக் கட்டியால் தீட்டினால் மெல்லிய தாள் தாங்கும். மார்க்கர் பேனை என்றால் பின்பக்கத்துக்கு ஊறிவிடும். அதனால் ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறுமை என்று விடுவது வழக்கம். இங்கேதான் அச்சிடும் இடத்தைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. கேடிபியில் பெரிய அளவுக் கறுப்புப் புத்தகத்துக்கு 24 பக்கம் முதல் 108 பக்கம் வரை ஒரே செலவு, 2.84 டொலர். ஐம்பது படத்துக்கும் பின்பக்கம் வெறுமையாக விட்டாலும் ஒரு சதம் கூடாது. ஆனால் தடித்த தாள் கேட்க முடியாது, அவர்கள் பாவிக்கும் தாள்தான். யாழ்ப்பாணத்து அச்சகத்தில் இதற்கு நேர்மாறு. 100 கிராம் தாள் வேண்டும் என்று கேட்கலாம், தடவிப் பார்த்தே எடுக்கலாம். ஆனால் வெறுமையாக விடுகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் தாள் காசு நம் தலையில்.

படத்தின் சொந்தக்காரர் யார் என்பதும் இருக்கிறது. தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் உருவங்களைப் போட்டால் பிள்ளைகள் பறந்து வருவார்கள் என்று பலர் சொல்வார்கள். அது பிறர் உரிமை. அமேசன் புத்தகத்தைத் தூக்கும், திரும்பச் செய்தால் கணக்கையே மூடும். ஊர்க் கடையில் யாரும் கேட்காமல் போகலாம், அதற்காக அது நம்முடையதாகிவிடாது. பனையும் வள்ளமும் யாருடைய அனுமதியும் கேட்காமல் நாம் வரையக்கூடியவை. அவளுடைய இருபது படமும் அந்த விதத்தில் சுத்தமானவை. இன்னும் முப்பது வரைய அவளுக்கு இரண்டு மூன்று மாதம் செல்லும் என்பதுதான் அன்றைய தடை.

சொல் தேடல்: நம்முடைய மொழி அறிவு காசாகும் இடம்

மூன்றாவது மாதிரியைப் பார்த்ததும் எனக்கு இதுதான் முதல் புத்தகம் என்று பட்டது. காரணம் எளிது. கோடு போட யாராலும் முடியும். படம் வரைய உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் எழுத்தைச் சரியாகக் கட்டத்துக்குள் வைத்துச் சொல் தேடல் செய்ய, தமிழ் தெரிந்த, பொறுமையும் உள்ள ஒருவர் வேண்டும். அவளுக்கு இரண்டும் உண்டு.

ஆனால் அவள் செய்திருந்த மாதிரியில் பெரிய பிழை இருந்தது. இணையத்தில் கிடைத்த ஆங்கிலச் சொல் தேடல் கருவியில் தமிழ்ச் சொற்களைப் போட்டு எடுத்திருந்தாள். ஒரு கட்டத்தில் க, அடுத்த கட்டத்தில் தனியாக ஒரு கொம்பு, அதற்கடுத்ததில் புள்ளி மட்டும். தனிக் குறி விழுந்த கட்டத்திலெல்லாம் புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம் தெரிந்தது. அந்தப் புள்ளி வட்டம் எங்கே தெரிந்தாலும் எழுத்து உடைந்துவிட்டது என்று அர்த்தம். அது அச்சிலும் அப்படியே விழும்.

ஏன் உடைகிறது என்றால், யூனிகோடில் கொ என்பது ஒரு குறியீடு அல்ல. க ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி இன்னொன்று. க் என்பதும் க ஒன்று, புள்ளி ஒன்று. ஆங்கிலக் கருவி குறியீட்டை எண்ணும், நாம் எழுத்தை எண்ணுகிறோம். கறுத்தக்கொழும்பான் என்று நம்மூர் மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். க, று, த், த, க், கொ, ழு, ம், பா, ன் என்று பத்து எழுத்து, பத்துக் கட்டம். கருவி அதைப் பதினெட்டாக எண்ணும். பருத்தித்துறை நமக்கு ஏழு, அதற்குப் பதின்மூன்று.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது நாலு வரி வேலை. பைதனில் `regex` தொகுப்பை நிறுவிக்கொண்டு இப்படிப் பிரிக்கலாம்:

```python
import regex, unicodedata
w = unicodedata.normalize("NFC", "கறுத்தக்கொழும்பான்")
cells = regex.findall(r"\X", w)
print(len(cells))   # 10
```

இரண்டாவது வரியை விடக்கூடாது. ொ என்ற குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாகவும், சில ெ, ா என்று இரண்டாகவும் தரும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். விடையைச் சரிபார்க்கும்போது மட்டும் சொல் பொருந்தவில்லை என்று வந்து மண்டையைக் குழப்பும். அந்த வரி எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். க்ஷ மட்டும் இந்த முறையில் க், ஷ என்று இரண்டு கட்டமாகப் பிரியும். அந்த எழுத்து வரும் சொல்லைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

நிரல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேர்டில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அட்டவணை போட்டுக் கையால் நிரப்பலாம். மெதுவான வேலைதான், ஆனால் எழுத்து உடையாது.

சொல்லை வைத்த பிறகு மிச்சக் கட்டங்களை எதனால் நிரப்புவது? புதிரின் தரம் அங்கேதான் இருக்கிறது. 247 எழுத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் ஙூ, ஞௌ, ஙீ என்று யாரும் எழுதாத எழுத்தெல்லாம் கட்டம் முழுக்க வரும். அவற்றின் நடுவே உண்மையான சொல் பளிச்சென்று தெரிந்துவிடும், தேடவே வேண்டியதில்லை. நான் சொன்ன வழி, நிரப்பும் எழுத்தையும் அந்தப் புதிரின் சொற்களிலிருந்தே எடுப்பது. ஒடியல், பனாட்டு, புழுக்கொடியல், பனங்கிழங்கு என்று பனைப் புதிர் என்றால் ப, டி, ழு, க், கொ, ட் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். பிள்ளை கொ-வைக் கண்டதும் புழுக்கொடியல் என்று பாயும். அடுத்த எழுத்து டி இல்லை, திரும்பும். அந்தத் திரும்பல்தான் விளையாட்டு.

மெய்யெழுத்தும் நிரவலில் இருக்க வேண்டும். தமிழில் தேடுகிற கண் முதலில் புள்ளியைத்தான் பிடிக்கும். க்க, த்த, ட்டு என்ற சோடியைக் கண்டால் அங்கே சொல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிரவலில் மெய்யே இல்லையென்றால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் விடை. நிரப்பி முடித்ததும் தற்செயலாகக் கெட்ட சொல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று நாலு திசையிலும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒரு மூலைவாட்டு, இவ்வளவும் போதும். பின்னோக்கி வைக்கும் வழக்கம் ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் புள்ளியில் தொடங்கும் வரிசையைப் பின்னோக்கி வாசிப்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையை வீணாகக் குழப்பும்.

அந்த உள்பக்கத்தின் அளவு

தமிழில் எழுத்தின் அகலம் ஒன்றுபோல் இராது. ர ஒல்லி, ணொ கிட்டத்தட்ட மூன்று எழுத்தகலம். கட்டத்தை ர-வுக்கு அளந்தால் ணொ கோட்டைத் தாண்டும். ஆகவே புத்தகத்தில் வரும் மிக அகலமான எழுத்தை முதலில் ஒரு கட்டத்துக்குள் வைத்துப் பார்த்துத்தான் எழுத்தளவைத் தீர்க்க வேண்டும். நாங்கள் ஏ4 தாளில் 14 மில்லிமீற்றர் கட்டம், 14 பொயின்ட் எழுத்து என்று முடித்தோம். பன்னிரண்டு கட்டத்துக்கு 168 மில்லிமீற்றர் போக, தைக்கும் பக்கம் 22, வெளிப்பக்கம் 20 மிஞ்சுகிறது.

பக்கக் கணக்கு 48. தலைப்புப் பக்கம் ஒன்று, எப்படித் தேடுவது என்று ஒன்று, புதிர் நாற்பது, விடை ஐந்து, கடைசியில் வெளியீட்டு விவரம் ஒன்று. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலால் வகுபட வேண்டும், 48 வகுபடுகிறது. விடைப் பக்கம் ஒன்றில் எட்டுப் புதிர் வைத்தால் கட்டம் ஐந்து மில்லிமீற்றராகச் சுருங்கும், அதற்குள் தமிழ் எழுத்து வாசிக்க முடியாது. அதனால் விடையில் எழுத்தே போடவில்லை. வெறும் கட்டம், சொல் இருக்கும் கட்டங்களுக்கு மட்டும் சாம்பல் நிழல். பிள்ளை பக்கத்தில் வைத்து ஒப்பிட அது போதும்.

எங்கே அச்சிடுவது

சொல் தேடல் தமிழில் என்றால் இந்தக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். கேடிபி மின்நூலுக்குத் தமிழை ஏற்கும், தாளில் அச்சிடும் புத்தகத்துக்கு ஏற்கும் மொழிகளில் தமிழ் இல்லை. பென்சிலால் வட்டமிட வேண்டிய புத்தகத்தை மின்நூலாக விட்டு என்ன செய்வது? ஆகவே தமிழ்ப் புதிர் என்றால் ஊர் அச்சகம்.

ஊரில் மூன்று வழி இருக்கிறது. ஓப்செட்டில் பிளேட் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றே. ஆயிரம் விற்கும் என்று தெரியாதபோது அது வேண்டாம். மலிவாக முடிவது ரியூசன் நோட்ஸ் அடிக்கிற ரிசோ. பலர் முதலில் அதைத்தான் நாடுவார்கள். நானும் பல வேலைக்கு ரிசோதான் கொடுப்பேன், ஆனால் இந்தப் புத்தகத்துக்கு வேண்டாம் என்றேன். ரிசோ மை தாளில் முழுதாகக் காய்ந்து பிடிப்பதில்லை. பிள்ளை பிழையாக வட்டமிட்டு அழிறப்பரால் அழிக்கும், அப்போது கட்டமும் எழுத்தும் கறுப்பாக இழுபட்டுவிடும். மெழுகுக் கட்டி தீட்டும் புத்தகத்துக்கும் இதே கதைதான். மாதிரித் தாளை ஒரு நாள் வைத்திருந்து அழிறப்பரால் பத்துத் தரம் தேய்த்துப் பாருங்கள், தெரிந்துவிடும். டிஜிட்டல் பிரின்டரின் டோனர் தாளோடு உருகி ஒட்டுவதால் அப்படி இழுபடாது. நூறு பிரதிக்கு டிஜிட்டல் ரிசோவைவிடக் கூடத்தான், ஆனால் இந்தப் புத்தகத்துக்கு அதுதான் பொருத்தம்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது ஒரு பழைய தொல்லை காத்திருக்கும். நம் பக்கத்தில் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. "பாமினியில தாங்கோ" என்று கேட்பார்கள். பாமினியில் கொ என்பது `nfh` என்ற மூன்று விசை, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டு. கட்டத்துக்குள் எழுத்தைப் பிரிக்கும் நம் வேலை முழுவதும் அதில் குழம்பிப்போகும். சில வருடத்துக்கு முன்பு நான் செய்த ஒரு சிறுவர் கொப்பியை யூனிகோடில் கொடுத்தேன். அச்சகத்தில் பழைய மென்பொருளில் திறந்து, எழுத்துருவை மாற்றி, நூறு பிரதி அடித்துவிட்டார்கள். கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அன்றிலிருந்து நான் திறந்து திருத்தக்கூடிய ஃபைலை அச்சுக்குக் கொடுப்பதில்லை. எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும். இன்டிசைனில் செய்கிறவர்கள் பத்தி அமைப்பில் `World-Ready Paragraph Composer` என்பதைத் தெரிவு செய்யாவிட்டால் அவர்கள் கணினியிலேயே கொம்பு இடம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ கேடிபிக்கு எது? அவளுடைய நிறம் தீட்டும் புத்தகம். படத்துக்கு மொழி இல்லை. தலைப்பையும் படத்தின் பெயரையும் ஆங்கிலத்தில் போட்டால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அங்கேயே அச்சாகிப் போகும். கணக்கு இதுதான். 8.5 அங்குலத்துக்கு 11 அங்குலம், 104 பக்கம், அச்சுச் செலவு 2.84 டொலர். விலை 8.99 போட்டால் பாதி 4.49, செலவு போக 1.65 மிஞ்சும். 9.99 போட்டால் ரோயல்ட்டி 60 வீதமாக ஏறும், 5.99-இல் செலவு போக 3.15. 2025 ஜூனிலிருந்து இப்படி. ஒரு டொலரைக் குறைத்து விற்றால் நம் பங்கு பாதியாகிவிடுகிறது. எனவே அந்த விலைக்குத் தகுந்த புத்தகமாகச் செய்வதுதான் வழி. இருபது படத்தோடு அவசரப்பட்டு விட்டால் 9.99 கேட்க முடியாது.

அமெரிக்க வரியையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். வரி விவரப் படிவத்தில் நம் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி இலக்கத்தைக் கொடுத்து, இலங்கை அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் ரோயல்ட்டியில் 10 வீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் 30 வீதம். விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாளுக்குப் பிறகுதான் காசு வரும். எந்தக் கணக்குக்கு வரும் என்பதைப் புத்தகம் ஏற்றும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையும் தேடல் சொல்லும்

கேடிபி அட்டை முன், முதுகு, பின் மூன்றும் சேர்ந்த ஒரே பிடிஎஃப். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையில் தொங்குகிறது. வெள்ளைத் தாளில் ஒரு பக்கத்துக்கு 0.002252 அங்குலம். 104 பக்கத்துக்கு 0.234. வெட்டுக்காக ஓரத்தில் விடும் 0.125-ஐ இரு பக்கமும் சேர்த்தால் முழு அகலம் 17.484 அங்குலம், உயரம் 11.25. அட்டையை முடித்த பிறகு நாலு படத்தை உள்ளே கூட்டினால் அட்டை பொருந்தாது, திரும்ப வரும். அதனால் அட்டை கடைசி வேலை. பின் அட்டையின் வலது கீழ் மூலையில் பார்கோடுக்கு 2 அங்குலத்துக்கு 1.2 அங்குலம் சும்மா விட வேண்டும். மாதிரிப் பிரதியை யாழ்ப்பாணத்துக்கு எடுப்பதற்குப் பதிலாக, வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரை ஒன்று வாங்கி, புரட்டிக் காணொளி எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். அதற்கு முன் உள்பக்கத்தை இங்கே ஏ4 தாளில், சுருக்காமல் முழு அளவில் அடித்துப் பார்த்தால் அகலத்தில் இரு ஓரமும் மூன்று மில்லிமீற்றர்தான் வெட்டுப்படும். கோட்டின் தடிப்பைப் பார்க்க அது போதும்.

தேடல் சொல்லுக்கு ஏழு பெட்டி, ஒன்றுக்கு 50 எழுத்து. தனிச் சொல்லாகப் போடாமல், வாங்குகிறவர் தட்டுகிற தொடராகப் போட வேண்டும். அமேசன் தேடல் பெட்டியில், விநியோக இடத்தை அமெரிக்க அல்லது கனடிய முகவரிக் குறியீட்டுக்கு மாற்றிவிட்டு, `coloring book for kids` என்று தட்டி நிறுத்தினால் அது சொல்லும் தொடர்ச்சிகள் மக்கள் உண்மையில் தேடுகிறவை. நம் புத்தகத்துக்கு அது மிக அகலம். `sri lanka coloring book`, `tamil culture gift for kids` போன்றவை ஒடுங்கியவை. தேடுகிறவர் குறைவு, ஆனால் தேடி வருகிறவர் கண்டது அவருக்கு வேண்டியதாகவே இருக்கும். தலைப்பில் வந்த சொல்லைப் பெட்டியில் திருப்பிப் போடுவது இடத்தை வீணாக்குவது. அடுத்தவர் புத்தகப் பெயரைப் போடுவது விதிக்கு மாறு.

சரி, ஊர்ப் புத்தகத்துக்குத் தேடல் சொல் எங்கே? கடை வாசலில். ஒரு தாய் வந்து தலைப்பைச் சொல்லிக் கேட்பதில்லை. "தரம் மூன்று பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்றுதான் கேட்கிறார். கடைக்காரர் கை நீளுவது எந்தக் கொப்பியில் தரம் 3 என்று பெரிதாகத் தெரிகிறதோ அதற்கு. ஆகவே அட்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் தரத்தை எண்ணாகப் பெரிதாகப் போட்டோம். அடுக்கில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது அந்தப் பகுதிதான் வெளியே தெரியும். நடுப்பின் புத்தகத்துக்கு முதுகு கிடையாது. புலமைப்பரிசில் என்ற சொல்லையும் போட்டால் கூட விற்கும் என்று ஒருவர் அவளிடம் சொன்னாராம். புதிர்கள் அந்தப் பரீட்சைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெற்றோர் நம்பி வாங்குகிற சொல் அது, போட விடவில்லை. அட்டைக்கு ஆர்ட் போர்ட் தாளில் வண்ண டிஜிட்டல் அச்சு எடுத்தால், மடிக்க முன் மடிப்புக்கோடு அழுத்தச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளைக் கீறு தெரியும்.

இப்போது அவள் நாற்பது புதிரில் இருபத்தாறு முடித்துவிட்டாள். சாப்பாடு, ஊர்ப்பெயர், மரம், கடல் என்று நாலு பகுதி. முதல் நூறு பிரதி, தரம் 3. ஜனவரியில் புது வகுப்புக்குப் பிள்ளைகள் கொப்பி வாங்குகிற கிழமைக்கு முன் கடைகளுக்குப் போக வேண்டும் என்பதால் நவம்பர் கடைசிக்குள் பிடிஎஃப் தயாராக இருக்க வேண்டும். நிறம் தீட்டும் புத்தகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படமாவது வரைகிறாள், நெடுந்தீவுக் குதிரைகள் மூன்று ஏற்கெனவே முடிந்துவிட்டன. கோடு போட்ட நாட்குறிப்பின் ஃபைல் மடிக்கணினியில் அப்படியே கிடக்கிறது.